ஏழாம் நாள்

திருச்செந்தூரில் கந்த சஷ்டி விரதம் இருப்பவர்கள் பிரதமையன்று காப்புக் கட்டிக்கொண்டு, ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் கண்டு, ஏழாம் நாள் திருக்கல்யாணத்துடன் விரதத்தை நிறைவு செய்வது வழக்கம். என் மனைவி திருமணமான ஆண்டிலிருந்தே பாலும் பழமுமாக அந்த ஆறு நாளும் இருப்பாள். நான் ஒரு வேளை உணவு மட்டும் உண்பேன். அதோடு இன்னொன்றையும் அந்த ஆறு நாளும் விட்டுவிடுவேன். அது சிகரெட்.

முருகனிடம் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் பயணத்தில், பேருந்து நிற்கும் இடங்களில் எல்லாம் கைகள் சட்டைப் பையைத் தேடும். ஆனால் எடுக்க மாட்டேன். ஆறாம் நாள் மாலை அலைகளின் ஓசைக்கு நடுவே சூரன் விழுவதைக் கண்டு கண்ணில் நீர் மல்க நிற்பேன். ஏழாம் நாள் பன்னீர் இலையில் விபூதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும், பேருந்து நிலையத்திலேயே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இப்படியே நடந்தது.

2004ஆம் ஆண்டு சஷ்டியின்போது, ஆறாம் நாள் இரவு கோவில் வெளிப்பிரகாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அவள் சட்டென்று கேட்டாள்: “ஏங்க, ஆறு நாள் முடியுதே, ஏழாம் நாள் ஏன் முடியலை?”

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி இடிக்கிறது, அது ஏன் என்று கேட்பது போலக் கேட்டாள். வங்கியில் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்திருந்த எனக்கு, இடிக்கும் வரியைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆனால் இந்த வரிக்கு என்னிடம் விடை இல்லை. புரண்டு படுத்துக்கொண்டேன்.

அதற்கு முன் அவள் கேட்காமல் இருந்தாள் என்று எண்ண வேண்டாம். நாள்தோறும் கேட்டாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்ப்பாள். பெட்டியில் எத்தனை மீதி என்று எண்ணி வைப்பாள். மகளின் முன்னால் வைத்துச் சொல்வாள். என் தாயாரிடம் முறையிடுவாள். நானும் சளைத்தவனல்லன். வங்கியிலிருந்து வரும் வழியில் கொத்தமல்லி விதையை மெல்லுவேன். மாடியில் நின்று புகைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் புகை என்பேன். எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் அருள்பாலிக்கும் அம்பாளின் திருநாமம் பாகம்பிரியாள். இறைவனின் பாதியை விரும்பி ஏற்றவள். அந்தச் சந்நிதியில் கைகூப்பி நின்றுவிட்டு வெளியே வந்து, என் பாதியாக இருப்பவளிடம் பொய் சொல்வேன். இன்று நினைத்தால் புகைத்ததைவிட அந்தப் பொய்கள்தாம் அதிகம் உறுத்துகின்றன.

அவள் கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. விடையைச் சொன்னவர் ஒரு மருத்துவர். ஆனால் அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என் பொருட்டு அன்று. அந்தக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் கிளையில் ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். பெயர் வேண்டாம். பெட்டகச் சாவி திறக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடமும் தாமதிக்காதவர், சில ஆண்டுகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வராதவரானார். மாலையில் மட்டும் குடித்தவர் காலையிலும் குடிக்கத் தொடங்கியிருந்தார். காலையில் கை நடுங்கும். சிறிது உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். அதைக் கண்டு நாங்கள் எல்லோரும், பாவம், உடம்பு கெட்டுவிட்டது என்று மட்டும் நினைத்தோம். அவர் மனைவி வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்து, “அவுகளுக்குக் காய்ச்சல் சார்” என்பார். நான் அதை மருத்துவ விடுப்பாகப் பதிந்துகொள்வேன். குடும்பத்துக்கு உதவுவதாகவே எண்ணினேன். நகைக்கடன் பிரிவில் அதே அம்மாள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடகு வைப்பதையும் கண்டேன். கடைசியில் தாலிக்கொடியும் வந்தது. மதிப்பீட்டாளர் எடை போடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

2005 கார்த்திகை முதல் நாள் அவருக்கு மாலை போட வைத்துவிட்டார்கள். மனைவி பட்டினி கிடந்து, தன் உயிரைப் பணயம் வைத்துச் சம்மதம் வாங்கியிருந்தார். குருசாமி மாலையை அணிவித்தார். மாலை போட்டவர் மதுவைத் தொடலாமா? அன்று காலையோடு நிறுத்திவிட்டார். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. நாற்பத்தொரு நாள் கழிந்தால் மறந்தே போய்விடும் என்று நானும் அவரைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு அவர் மகன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் வியர்வை. கை கால் நடுக்கம். சுவரைக் காட்டி, எறும்பு எறும்பாக இறங்குகிறது, தட்டிவிடுங்கள் என்கிறார். தான் இருப்பது எந்த ஊர் என்பது கூடத் தெரியவில்லை. வீட்டார் சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசிச் சரண கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குருசாமியாக இருந்த பெரியவர்தாம், “இது சாமி இல்லை, உடம்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்றார். அந்த மனிதர் மட்டும் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் பின்னர் விளக்கினார்.

அவர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாகக் குடித்தது எப்போது என்பதுதான். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை, அந்த மந்தத்தையும் மீறி வேலை செய்வதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்துக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால், முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் வரும். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு இப்படி இல்லாதது தெரியும், காய்ச்சல் ஏறும், நாடி தாறுமாறாகும். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரும் போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்ததும் நிற்பதுதான் எச்சரிக்கை. அப்படிப்பட்டவரை வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைக்கக் கூடாது. மருத்துவமனையில் வைத்து, அமைதிப்படுத்தும் மருந்தை முதலில் தகுந்த அளவு கொடுத்து, நாள்தோறும் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். பி1 உயிர்ச்சத்து ஊசியும் போட்டார்கள். குடிப்பவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் சர்க்கரை நீர் மட்டும் ஏற்றினால் நினைவாற்றலே பாதிக்கப்படலாம் என்றார்.

அந்த அம்மாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் மனைவியின் தோளில் சாய்ந்து, “நாந்தான் கொன்னுட்டேன்க்கா” என்று அழுதார். அவர் கொல்லவில்லை. மாலை அணியச் சொன்னதும் தவறில்லை. அதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பட்டம் படித்த எனக்கே தெரியவில்லை. குருசாமி மருத்துவமனைக்கே வந்து, உரிய முறையில் மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, “அடுத்த வருஷம் போகலாம்” என்றார். அவர்மேல் எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை.

ஊழியர் பிழைத்தார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. உடம்பிலிருந்து மது இறங்கிய பிறகுதான் சிகிச்சையே தொடங்குகிறது என்று சொல்லி அவரைச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டி.டி.கே. மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அதை நிறுவியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். அவருடைய கணவர் டி.டி.ரங்கநாதன், பெரிய தொழில் குடும்பத்தில் பிறந்தவர். குடியால் 1979இல் இளம் வயதிலேயே மறைந்தார். வசதியிருந்தும் முறையான சிகிச்சைக்கு இங்கே இடமில்லாத காலம் அது. அந்தத் துயரத்தோடு வீட்டில் முடங்கிவிடாமல், அமெரிக்காவில் இத்துறையில் பயிற்சி பெற்றுவந்து, 1980இல் கணவர் பெயராலேயே அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னாளில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி தருகிறார்கள்.

எங்கள் ஊழியரின் மனைவி அப்படிப்பட்ட பயிற்சியை முடித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது எனக்கே ஓர் அறை போல இருந்தது. “சார், இனி நான் காய்ச்சல்னு போன் பண்ண மாட்டேன். நீங்களும் எழுதாதீங்க.” கணவர் தெருக்கடையில் வைத்த கடனை அடைப்பது, உறவினரிடம் பொய் சொல்வது, விழுந்து கிடந்தால் தூக்கி வந்து உடை மாற்றி, காலையில் ஒன்றுமே நடவாதது போல் காபி கொடுப்பது ஆகிய இவையெல்லாம் அன்பு என்றே அவர் நினைத்திருந்தார். அவற்றால் கணவருக்குத் தம் குடியின் விளைவு கண்ணிலேயே படாமல் போய்விட்டது. விளைவை மறைக்க மாட்டேன், ஆனால் திட்டவும் மாட்டேன், சாப்பாடும் மறுக்க மாட்டேன் என்பதுதான் அவர் கற்றுக்கொண்டு வந்தது. அவர் கணவர் அதன் பிறகு இரண்டு முறை சறுக்கினார். மூன்றாம் முறை நின்றார். நான் ஓய்வு பெறும்வரை அவரே பெட்டக அறைக்கு என்னுடன் வந்தார். தாலிக்கொடியை மீட்ட நாளில் ரசீதில் கையெழுத்திட்டவன் நான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்த மருத்துவமனையில் காத்திருந்த ஒரு நாள், மருத்துவர் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, “நீங்கள் எப்போது?” என்றார். அப்போதுதான் என் மனைவியின் கேள்வியை அவரிடம் கேட்டேன். ஆறு நாள் முடிகிறதே, ஏழாம் நாள் ஏன் முடியவில்லை?

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார். புகையிலையிலுள்ள நிகோடின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் அடிக்கடி கை பையைத் தேடுகிறது. விட்டால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு சரியத் தொடங்கி, சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். “நீங்கள் ஆண்டுதோறும் மலையின் உச்சிவரை ஏறிவிட்டு, இறங்க வேண்டிய பக்கத்தில் இறங்காமல் வந்த வழியே திரும்பி வந்திருக்கிறீர்கள்” என்றார். ஏழாம் நாள் என்னை இழுத்தது உடம்பு அன்று, அந்தப் பேருந்து நிலையம். டீக்கடை, உணவுக்குப் பின் வரும் ஐந்து நிமிடம், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு ஆகியவையெல்லாம் புகையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தன. விரத நாள்களில் அந்த இடங்களே என் வாழ்வில் இல்லை. அதனால் முடிச்சு அவிழாமல் அப்படியே காத்திருந்தது.

2006 சஷ்டியின் முதல் நாளையே விடும் நாளாகக் குறித்தோம். கடினமான மூன்று நாள்களும் செந்தூரான் சந்நிதியில் கழியும் என்பது அவள் கணக்கு. இம்முறை ஏழாம் நாளுக்கும் ஏற்பாடு செய்தோம். பேருந்து நிலையத்தில் இறங்காமல் முன்னதாகவே இறங்கி, மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினோம். வங்கிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் பல மாதங்கள் போகவில்லை. மருத்துவர் நிகோடின் மெல்லும் பசையும் கொடுத்திருந்தார். அதை மிட்டாய் போல மென்று விழுங்கக் கூடாது. மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்தவுடன் போட்டால் மருந்து சரியாக ஏறாது. கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் வாரம் இது தெரியாமல் காபியும் பசையுமாக மென்று, விக்கல் வந்ததுதான் மிச்சம்.

அவளும் ஒன்றை விட்டாள். சட்டையை முகர்ந்து பார்ப்பதில்லை, “இன்னைக்கு?” என்று கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள். சறுக்கினால் நானே வந்து சொல்ல வேண்டும் என்பது என் பங்கு. இந்த ஏற்பாடு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னொரு நாள் கேட்டேன். கோவிலில் பெரிய புராணத் தொடர் சொற்பொழிவு கேட்டதாகச் சொன்னாள். திருநீலகண்ட நாயனாரின் மனைவி, கணவர் பரத்தையிடம் சென்றது அறிந்து, இறைவன்மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டக் கூடாது என்று ஒரே ஒரு முறை சொன்னார். “எம்மை” என்று பன்மையில் சொன்னதால் மற்ற மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார். அதன் பிறகு அந்த அம்மையார் வீட்டு வேலை எதையும் விடவில்லை, ஊருக்கும் சொல்லவில்லை, முதுமை வரை மறுபடி அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. “அந்த அம்மா ஒரு தரம் சொன்னாங்க. நான் பதினெட்டு வருஷமா சொல்லிட்டே இருந்தேன்” என்றாள். நான் நாயனாரும் அல்லேன், என் வழக்கம் அதைப்போன்றதும் அன்று. இருந்தாலும் வாயடைத்துப் போனேன்.

சறுக்கவும் செய்தேன். 2007 மார்ச் 31 இரவு, கணக்கு ஒட்டாமல் பதினொரு மணி ஆயிற்று. காவலரிடம் ஒன்று வாங்கிப் புகைத்தேன். தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தவளிடம் நடையிலேயே நின்று சொன்னேன். முகம் வாடியது. ஆனால் அவள் சொன்னது, “கை கால் கழுவிட்டு வாங்க, தோசை ஊத்துறேன்” என்பதுதான். அதுவே நான் புகைத்த கடைசிச் சிகரெட்.

இன்று சக்கரம் சுழன்றுவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் அவளுக்கு இரத்த அழுத்தம் கண்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பதையும் சேர்த்து. உப்பளங்களே ஊரைச் சுற்றியிருக்கும் தூத்துக்குடியில் பிறந்தவளிடம் இதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மோர் மிளகாய் இல்லாமல் தயிர்சாதம் அவளுக்கு இறங்காது. நான் அவள் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். ஜாடியில் எத்தனை மீதி என்று எண்ணினேன். “நீங்க இப்ப மோந்து பார்க்கிறீங்களா?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, உடல்நலமில்லாத கஸ்தூரிபாயிடம் உப்பையும் பருப்பையும் விடச் சொன்னதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உங்களையே விடச் சொன்னால் விடுவீர்களா என்று அந்த அம்மையார் கேட்டாராம். உடனே அவர் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டுவிட்டார். அம்மையார் பதறிப்போய், நானும் விடுகிறேன், சபதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கெஞ்சியும் அவர் இணங்கவில்லை. எனக்கும் அதுபோல் ஓர் ஆசை வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், இன்று முதல் எனக்கும் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வேண்டாம் என்று அறிவித்தேன்.

அவள் பதறவில்லை. “நல்லதுங்க. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில வைக்கலாம், வேலை மிச்சம்” என்றாள்.

அப்படியே நடக்கிறது. முதல் இரண்டு வாரம் சாம்பார் மண் போல இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால் உப்புக் கரிக்கிறது. எலுமிச்சையும் சீரகமும் மிளகும் கைகொடுக்கின்றன. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கலாமா என்று கேட்டோம். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது, கேட்காமல் வாங்காதீர்கள் என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

மோர் மிளகாய் ஜாடி மட்டும் இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் வேண்டும் என்கிறாள். சில நாள் மதியம் நான் ஈஸிசேரில் கண் மூடியிருக்கும்போது அடுக்களையில் எண்ணெய் பொரியும் ஓசை கேட்கும். மிளகாயின் வாசனை கூடம் வரை வரும். நான் கண்ணைத் திறப்பதில்லை. மாலையில் காபி கொண்டுவந்து வைக்கும்போது அவளே சொல்லிவிடுகிறாள்: “இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுங்க.”